எச்சரிக்கை போய்விட்டால் உரிமம் வந்துவிடுமா?

“முன்னாடி செஞ்ச தம்பி ஒரே ஒரு வரி போட்டாரு, அந்த மெசேஜ் போயிடுச்சு. நீங்க என்னன்னா அதுக்குக் காசு கட்டணும்ங்கறீங்க. இது ஃப்ரீ சாஃப்ட்வேர்தானே தம்பி?”

கல்யாண மண்டப மேனேஜர் போனில் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில், “இல்ல சார், இந்த வேலைக்கு அது செல்லாது” என்பதுதான். அந்தப் பதில் முழுக்கச் சரியா என்று இப்போதும் மனதுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். சரி என்பதற்கும் காரணம் இருக்கிறது, கொஞ்சம் அவசரப்பட்டது என்பதற்கும் காரணம் இருக்கிறது.

அந்த வரி இதுதான்:

```js
schedulerLicenseKey: 'GPL-My-Project-Is-Open-Source'
```

வேர்ட்பிரஸ் தளத்துக்கென்றே எழுதிய புக்கிங் பிளகின் அது. பெரிய ஹால், சின்ன ஹால் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசையில் நிற்க, முகூர்த்த நாட்கள் குறுக்கே ஓடும் காலண்டர். அதை வரைவது ஃபுல்காலண்டர், 5ஆம் பதிப்பு. பெயர் ஒன்றானாலும் உள்ளே இரண்டு விதமான சரக்கு இருக்கிறது. மாதக் காட்சி, வாரக் காட்சி போன்ற அடிப்படைப் பகுதிகள் எம்ஐடி உரிமத்தில் வருகின்றன. உரிம அறிவிப்பை நீக்காமல் வைத்துக்கொண்டால் போதும், விற்கலாம், திருத்தலாம், மூடி வைக்கலாம். ஆனால் ஹால் வாரியாக வரிசை போடும் டைம்லைன் காட்சி பிரீமியம் பகுதி. எது எந்தப் பக்கம் என்று பார்க்க நிமிடம்கூட ஆகாது:

```
grep '"license"' node_modules/@fullcalendar/*/package.json
```

அடிப்படைப் பொதிகளுக்கு எம்ஐடி என்று வரும். `resource-timeline` பொதியோ LICENSE.md கோப்பைப் போய்ப் படி என்று சொல்லும். அந்தக் கோப்பில் மூன்று வழிகள் இருந்தன: காசு கட்டும் வணிக உரிமம், வணிகமல்லாத பயன்பாட்டுக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், ஜிபிஎல் 3. வேறு பதிப்புக்கு மாறினால் இந்தக் கோப்பையும் மறுபடி படிக்க வேண்டும். பதிப்பு ஏறும்போது உரிமம் மாறியதும் உண்டு என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள்.

சாவி எதுவும் தராவிட்டால் காலண்டரின் கீழ் மூலையில் எச்சரிக்கை ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலே உள்ள வரியைப் போட்டால் மறைந்துவிடும். ஆனால் அந்தச் சாவி எதையும் சோதிப்பதில்லை. “என் திட்டம் திறந்த மூலம், ஜிபிஎல் வழியில் எடுத்துக்கொள்கிறேன்” என்று டெவலப்பர் தன் வாயால் தரும் வாக்குமூலம் அது. வாக்குமூலம் உண்மையா என்பது கோடுக்குள் இல்லை, கோடைச் சுற்றி நடப்பதில் இருக்கிறது.

கிரியேட்டிவ் காமன்ஸ் வழியை உடனே ஒதுக்கிவிடலாம். வாடகைக்கு விடும் மண்டபத்தின் புக்கிங் தளம் வணிகம்தான். “நாங்க அந்த சாஃப்ட்வேரை விக்கலையே” என்பது அங்கே எடுபடாது. அந்த உரிமம் திருத்திய வடிவத்தைப் பிறருக்குத் தரவும் விடாது.

மிச்சம் ஜிபிஎல். இங்கேதான் என் “செல்லாது” இடறுகிறது. ஜிபிஎல் மென்பொருளை வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடையே இல்லை. வேலைக்குக் கூலி வாங்கவும் தடையில்லை. வேர்ட்பிரஸ் “ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது” என்று வருவதால், அதன் மேல் எழுதிய அந்த பிளகினையும் அப்படியே ஜிபிஎல் 3 ஆக்கி ஃபுல்காலண்டரோடு சேர்க்கலாம். (பிளகின் தலைப்பில் “ஜிபிஎல் 2 மட்டும்” என்று இருந்திருந்தால் சேர்க்கவே முடியாது. 2 மட்டும் என்பதும் 3உம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை.) அப்படியானால் முன்னால் வேலை செய்தவர் போட்ட வாக்குமூலம் பொய் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

ஜிபிஎல் என்றாலே கோடை இணையத்தில் போட்டாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. யாருக்கு நிரலைக் கொடுக்கிறோமோ அவருக்கு மூலக் கோடும் உரிம வாசகமும் அதே உரிமைகளும் சேர்ந்து போக வேண்டும், அவ்வளவுதான். ஃபிரீலான்சர் தன் லேப்டாப்பில் `npm install` அடித்து, பில்டு பண்ணி, கிளையண்டிடம் ஒப்படைக்கிறார் என்றால் கொடுப்பவர் ஃபிரீலான்சர், பெறுபவர் கிளையண்ட். மண்டபத்துக்காரர் அதை அலுவலகத்துக்குள்ளேயே, அட்மின் பக்கத்தில், தன் ஊழியர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்திருந்தால் வேறு யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை.

அன்றைக்கு அந்தக் காலண்டர் அட்மின் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் என் பதில் உறுத்துகிறது.

ஆனால் அவர் போன் பண்ணியதே வேறு காரியத்துக்கு. “இதே காலண்டரை வெளியே வர்ற ஜனங்களும் பார்க்கிற மாதிரி வைக்கணும், எந்த முகூர்த்தம் காலின்னு அவங்களே பார்த்துக்கட்டும்” என்பதுதான் புது வேலை. கணக்கு மாறுவது இங்கே. பிஎச்பி கோடு சர்வரிலேயே ஓடுகிறது, பார்வையாளரிடம் அதன் நகல் போவதில்லை, ஜிபிஎல் 3 அதைக் கொடுத்ததாகக் கருதாது. ஜாவாஸ்கிரிப்ட் அப்படியில்லை. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் பிரவுசருக்கும் அந்த நிரலின் நகல் இறங்குகிறது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், போட்டி மண்டபத்துக்காரர் எல்லோரும் இப்போது பெறுபவர்கள். காலண்டரோடு ஒரே பண்டிலாகக் கட்டிய நம் சொந்த ஜாவாஸ்கிரிப்டும் ஜிபிஎல் 3இல் அவர்களுக்குப் போக வேண்டும். அதுவும் மினிஃபை செய்த ஒற்றை வரிக் கோப்பு போதாது. திருத்துவதற்கு வசதியான வடிவம் எதுவோ அதுவே மூலக் கோடு என்கிறது உரிமம். இடைவெளி நீக்கி, மாறிப் பெயர்களை `a`, `b` என்று சுருக்கியதை யாரும் உட்கார்ந்து திருத்த மாட்டார்கள். எனவே பக்கத்தில் மூலக் கோடுக்கு ஓர் இணைப்பு, உரிம வாசகம், பதிப்புரிமை அறிவிப்பு மூன்றும் வேண்டும்.

இதையும் செய்யலாம், கஷ்டமான வேலை இல்லை. ஜிப் கோப்பு ஒன்று, அடிக்குறிப்பில் இணைப்பு ஒன்று. செய்ய முடியாமல் தடுத்தது ஒப்பந்தம்.

அதில் இருந்த ஷரத்து எல்லோரும் காப்பியடிக்கும் வழக்கமான ஷரத்துதான்: ஒப்படைக்கும் மொத்தக் கோடின் பதிப்புரிமையும் கிளையண்டுக்கே, அது ரகசியம், மூன்றாம் நபர் யாருக்கும் காட்டக் கூடாது. ஒரு கையால் “என் திட்டம் திறந்த மூலம்” என்று சாவியில் எழுதி, மறு கையால் “இது ரகசியம்” என்று கையெழுத்துப் போட்டால் இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும். பார்வையாளருக்குக் கோடு தரவேண்டிய கடமையும் தரக்கூடாது என்ற தடையும் ஒரே கோப்பின் மேல் உட்கார முடியாது. நான் “செல்லாது” என்றது இதை மனதில் வைத்துத்தான். ஆனால் அவரிடம் சொன்னது முடிவை மட்டும். காரணத்தைச் சொல்லியிருந்தால், “அப்ப ஷரத்தை மாத்திக்கலாமே” என்று அவரே சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பாரா? போட்டி மண்டபத்துக்குக் கோடு போகும் என்றால் சம்மதிக்கவே மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ஷரத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. மொத்தக் கோடின் பதிப்புரிமையையும் எழுதித் தர ஃபிரீலான்சரால் முடியாது, ஏனென்றால் காலண்டரும் வேர்ட்பிரஸும் அவருடையவை அல்ல. தான் எழுதிய பகுதியை மட்டுமே தர முடியும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு வகைதான். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பணியின்போது எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். ஒப்பந்த அடிப்படையில் செய்து தருபவர் எழுதியது, பிரிவு 17இன்படி, பொதுவாக எழுதியவரிடமே நிற்கும். “காசு கொடுத்தது நாங்க, கோடு எங்களுது” என்பது அதனால் மட்டும் உண்மையாகிவிடாது. மாற்றித் தருவதென்றால் பிரிவு 19 கேட்கிறபடி எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் “ஓகே சார்” என்று போட்ட கட்டைவிரலை நம்பிக் கிளையண்டும் இருக்கிறார், ஃபிரீலான்சரும் இருக்கிறார்.

எனவே ஒப்பந்தத்தில் இரண்டு பட்டியல் வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று, நான் எழுதியவை, இவற்றின் உரிமை இன்ன காலத்துக்கு, இன்ன எல்லைக்குள் உங்களுக்கு. இரண்டு, பிறர் எழுதியவை, பெயர், பதிப்பு, உரிமம், இவை அவரவர் உரிமத்தின்படியே. ரகசிய ஷரத்து முதல் பட்டியலுக்கு மட்டும். ஜிபிஎல் வேலையிலும் கிளையண்ட் கேட்டால் “நான் எழுதிய மாற்றங்களை உங்கள் அனுமதியின்றி வேறு யாருக்கும் தரமாட்டேன்” என்று ஃபிரீலான்சர் ஒப்புக்கொள்ளலாம். ஜிபிஎல்லை எழுதிய ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனே தன் கேள்வி பதில் பக்கத்தில் இதைச் சரி என்கிறது. கட்டுப்படுவது ஃபிரீலான்சர் மட்டும். கிளையண்டின் கையைக் கட்ட முடியாது, அவர் நினைத்தால் யாருக்கும் கொடுக்கலாம்.

காசு கட்டும் வழி இதையெல்லாம் சுருக்கிவிடும் என்று தோன்றும். அங்கும் வாசகத்தைப் படிக்காமல் ஆகாது. உரிமம் டெவலப்பர் கணக்கிலா, தளக் கணக்கிலா? ஃபிரீலான்சர் தன் பெயரில் வாங்கியதைக் கிளையண்டுக்கு மாற்றித் தரலாமா? அவர் விலகிய பின் அப்டேட் யாருக்கு வரும்? தீம்ஃபாரஸ்டின் சாதாரண உரிமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளையண்டுக்கு ஒரு தளம் செய்து கொடுத்தால் உரிமமும் அவரோடு போய்விடும். அதே தீமை அடுத்த கிளையண்டுக்கு வைத்தால் இன்னொன்று வாங்க வேண்டும். “நான் வாங்கியது, நான் எங்கேயும் போடுவேன்” என்பது அங்கே நடக்காது. இதனால் முடிந்தவரை கிளையண்டின் கார்டில், கிளையண்டின் மின்னஞ்சலில் வாங்க வைப்பதே நல்லது.

மேனேஜர் காசு கட்டவும் இல்லை, ஷரத்தை மாற்றவும் இல்லை. பிரீமியம் பொதியை எடுத்துவிட்டு, எம்ஐடி மாதக் காட்சியையே ஹாலுக்கு ஒன்றாக இரண்டு காலண்டர் மேலும் கீழுமாக வைத்தோம். நாள் அளவில் பூட்டும் புக்கிங்குக்கு அது போதும். காலை முகூர்த்தம், மாலை வரவேற்பு என்று ஒரே நாளைப் பிரித்து இரண்டு ஹாலையும் ஒப்பிடும்போதுதான் கண்ணை மேலும் கீழும் ஓட்ட வேண்டியிருக்கிறது. “பழசு நல்லா இருந்துச்சு” என்று அவர் சொன்னது நியாயம்தான்.

நான் வருவதற்கு முன் அந்தப் பழைய பண்டில் சில நாள் வெளிப்பக்கத்திலும் வைத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. மூலக் கோடு இணைப்பு எதுவும் இல்லாமல். இதற்கு ஜிபிஎல் 3இன் 8ஆம் பிரிவில் வழி இருக்கிறது. மீறலை நிறுத்திவிட்டால் உரிமை தற்காலிகமாகத் திரும்பும், நிறுத்திய 60 நாளுக்குள் உரிமையாளர் நோட்டீஸ் விடாவிட்டால் நிரந்தரமாகும். முதல் முறை நோட்டீஸ் வந்தாலும், வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் போதும். அதையும் மேனேஜரிடம் சொன்னேன். “அப்ப ஒண்ணும் ஆகாதுல்ல? பழசையே போட்டுட்டு, நோட்டீஸ் வந்தா எடுத்துக்கலாம்ல?” என்று கேட்டார். அதற்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை.