11 ரெக்கார்டிங், 6 பீஸ்

ஜூலை 8, 2025, செவ்வாய்

தம்பி ஒருவழியாக எல்லாப் பேட்டி ரெக்கார்டிங்கையும் அனுப்பிவிட்டார். மொத்தம் 11. திருப்பூரில் பனியன் தைக்கிற ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறவர்கள் 9 பேர், அவர்களுக்கு வேலை கொடுக்கிற கம்பெனி ஆட்கள் 2 பேர். கட்டிங் முடிந்த துணி எந்த யூனிட்டில் இருக்கிறது, எத்தனை பீஸ் தைத்தாகிவிட்டது என்று போனிலேயே உடனுக்குடன் காட்டும் ஆப்தான் அவர் கட்டப்போவது. கூடவே 14 வசதிகள் கொண்ட பட்டியல் ஒன்றும் வந்தது, "இதுல எதெல்லாம் அவங்க கேக்கறாங்கன்னு பாத்துச் சொல்லுங்கக்கா" என்று.

பட்டியலை இப்போதைக்குத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதைப் படித்துவிட்டுக் கேட்டால் காதில் அதுதான் விழும், யாரோ இருமினால்கூட அது 7ஆவது வசதிக்கான ஆதரவாகத் தெரியும்.

ஜூலை 9, புதன்

மூன்றாவது ரெக்கார்டிங்கின் 9ஆவது நிமிடம். தம்பி கேட்கிறார்: "சரக்கு எங்க இருக்குன்னு ஒரு ஆப்புல தெரிஞ்சா யூஸ் பண்ணுவீங்களாண்ணா?" பதில்: "நல்லா இருக்குமுங்க தம்பி, கொண்டு வாங்க பாக்கலாம்."

கொங்கு நாட்டில் வீடு தேடி வந்த பையனிடம் வேறு என்ன சொல்வார்கள்? காபி கொடுப்பது போலத்தான் இதுவும். ஆனால் அதற்குப் பிறகு அவர் பேசிய 20 நிமிடமும் அந்த ஆப்பைச் சுற்றியே போகிறது, தன் கதையை விட்டுவிட்டார்.

அதனால் தட்டெழுதும்போதே ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறி போடுகிறேன். உண்மையில் நடந்ததைச் சொன்னால் "ந". இப்படிச் செய்வேன், அப்படி இருந்தால் தேவலை என்றால் "நி", வெறும் நினைப்பு. மரியாதைக்குச் சொன்னது "ம". பக்கத்தில் நிமிடம், விநாடி, அதற்கு முன் தம்பி என்ன கேட்டார் என்பது. கேள்வியை எழுதாமல் பதிலை மட்டும் எடுத்து வைத்தால் "ம" எல்லாம் "ந" மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்துவிடும். அவர்கள் சொன்ன வார்த்தையை மாற்றுவதும் இல்லை. ஒருவர் "அடிச்சுட்டான்" என்றார். அதை "பணம் பிடித்தார்கள்" என்று நான் அழகாக்கிவிட்டால் அதில் இருந்த கோபம் காணாமல் போய்விடும்.

ஜூலை 11, வெள்ளி

ஆறாவது ரெக்கார்டிங். 31ஆவது நிமிடத்தில் "ரொம்ப நன்றிண்ணா" என்று தம்பி முடித்துவிட்டார், போனை அணைக்க மறந்துவிட்டார். (மறந்ததைப் பிறகு அந்த யூனிட்காரரிடம் சொல்லி, இதையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, சம்மதம் வாங்கியாகிவிட்டது.) பின்னால் ஓவர்லாக் மெஷின் சத்தம். யூனிட்காரர் யாரிடமோ திரும்பி, "அக்கா, நேத்துப் பிரிச்ச கட்டுல எத்தன இருந்துச்சு?" "முப்பத்தெட்டு." "டிக்கெட்ல?" "நாப்பதுதான் போட்டிருக்கு." டிக்கெட் என்பது கட்டோடு வரும் எண்ணிக்கைச் சீட்டு.

அதன் பிறகு அவராகவே கொட்டுகிறார். சரக்கோடு வரும் டெலிவரி சலானில், அதாவது டிசியில், 1,200 பீஸ், ஒரு கட்டுக்கு 40 வீதம் 30 கட்டு. டெம்போ வாசலில் நிற்கும்போது யாரும் பீஸ் எண்ணுவதில்லை, கட்டுகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். கட்டு பிரிவது இரண்டு நாள் கழித்து, மெஷினில் ஏறும்போதுதான். அந்த லாட்டில் மூன்று கட்டில் குறைந்தது, 38, 37, 39, ஆக 6 பீஸ். தையல் கூலி பீஸுக்கு 12 ரூபாய். குறைந்த பீஸுக்குப் பில்லில் பிடிப்பது 95 ரூபாய், துணி விலையோடு சேர்த்து. 6 பீஸுக்கு 570 ரூபாய், ஏறக்குறைய 47 பீஸ் தைத்த கூலி அப்படியே போச்சு. "சைன் பண்ணிட்டீங்களே, அப்பவே சொல்லியிருக்கலாமேங்கறாங்க" என்கிறார்.

31 நிமிடப் பேட்டியில் கிடைக்காதது கடைசி 4 நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

ஜூலை 14, திங்கள்

எண்ணிக்கை. எத்தனை தடவை சொன்னார்கள் என்று எண்ணக்கூடாது, எத்தனை பேர் என்றுதான் எண்ண வேண்டும். ஒருவர் சம்பளக் கணக்கைப் பற்றி 17 தடவை புலம்புகிறார், ஆனால் புலம்புவது அவர் ஒருவர்தான்.

பீஸ் குறைந்து பணம் போன சம்பவத்தைச் சொன்னவர்கள் யூனிட்காரர்கள் 9 பேரில் 6 பேர். அதில் 4 பேர் ஏற்கெனவே சொந்தமாக ஏதோ செய்துவைத்திருக்கிறார்கள். இருவர் கட்டு பிரித்ததும் டிக்கெட்டோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தங்களுக்கே அனுப்பிக்கொள்கிறார்கள், ஒருவர் தனி நோட்டு போட்டிருக்கிறார், இன்னொருவர் குறைந்த கட்டின் டிக்கெட்டை டிசியோடு ஸ்டேப்ளர் அடித்து வைக்கிறார். வேண்டும் என்று வாயால் சொல்வதைவிட எனக்கு இதுதான் பெரிய சாட்சி, ஏனென்றால் யாரும் கேட்காமலே தினமும் மெனக்கெடுகிறார்கள். அந்த வழி எங்கே உடைகிறது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்: சனிக்கிழமை பில் பேசும்போது போட்டோவைக் காட்டினால், "இது எந்த லாட்டுன்னு எப்படித் தெரியும்?" என்று கம்பெனி கேட்கிறது.

எட்டாவது ஆள் எனக்கு அந்தப் பிரச்சினையே இல்லை என்கிறார். தூக்கிப்போடப் பார்த்தேன், நல்லவேளை திரும்பக் கேட்டேன். சரக்கு இறங்கும்போதே கட்டைப் பிரித்து எண்ணுவதற்கு ஒரு ஹெல்பரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார். பிரச்சினை இல்லாமல் இல்லை, காசு கொடுத்து அடைத்திருக்கிறார்.

சரி, "சரக்கு எங்கே இருக்கிறது" என்ற கவலை? "ந" குறியில் ஒரு வரிகூட இல்லை. கடைசியாக எப்போது தேடினீர்கள் என்ற கேள்விக்கு, "ஒரு போன் போட்டாத் தெரிஞ்சிருமுங்க."

ஜூலை 16, புதன்

தேவையையும் வசதியையும் ஒரே வரியில் எழுதினால் குழப்பம். தேவையின் வரியில் ஆப், போன், பட்டன் எதுவும் வரக்கூடாது என்பது என் வழக்கம். எழுதியது:

கையெழுத்துப் போட்ட பிறகு கட்டு பிரிக்கும்போது பீஸ் குறைந்தால், அது தன்னிடம் வரும்போதே குறைவு என்று யூனிட்காரர் கம்பெனி ஏற்கும்படி காட்ட வேண்டும், சனிக்கிழமை பில்லுக்கு முன்.

இதற்குக் கீழேதான் வசதி: கட்டு பிரிக்கிறவர் டிசி எண், கட்டு எண், எண்ணிக்கை மூன்றையும் ஒரு போட்டோவோடு பதிய முடிய வேண்டும்; பதிந்த நேரத்தை யாரும் மாற்ற முடியக்கூடாது; அது கம்பெனிக்கும் அப்போதே தெரிய வேண்டும். மெஷினை விட்டு எழாமல், ஒரு கையால். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ரெக்கார்டிங் எண்ணும் நிமிடமும்.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. இப்போதுதான் அந்த 14 வசதிப் பட்டியலைத் திறந்து பார்த்தோம், 2க்குத்தான் சாட்சி இருக்கிறது. பதிலுக்கு அவர் ஒன்று கேட்டார், நியாயமான கேள்வி: யூனிட்காரர் பேச்சை மட்டும் வைத்துக் கட்டினால் கம்பெனிக்காரன் ஏன் அதை ஏற்கவேண்டும்? என்னிடம் பதில் இல்லை. கம்பெனி ஆட்கள் இருவரும் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்கள், துணியைக் கையால் தொடாதவர்கள். அதோடு 9 யூனிட்காரர்களும் தம்பியின் மாமா மூலமாக வந்தவர்கள், எல்லாரும் 20 மெஷினுக்கு உட்பட்ட யூனிட்.

ஜூலை 19, சனி

தம்பி நேற்று ஒரு கட்டிங் மாஸ்டரைப் பிடித்துவிட்டார். இந்த முறை ஆப் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை, "கடைசியாப் பீஸ் குறையுதுன்னு கம்ப்ளைன்ட் வந்தது எப்போண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். 6 விநாடி அமைதி. நான்கூட ரெக்கார்டிங் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன்.

மாஸ்டர் சொன்னது: வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக லே விரிக்கும்போது 40 அடுக்கு என்றால் டிக்கெட்டிலும் 40 என்று எழுதிவிடுவார்கள். வெட்டிய பிறகு ஓட்டை, கறை இருக்கிற பாகத்தை எடுத்துப் போடுவார்கள், சில நாள் மாற்றுப் பாகம் வெட்டி வைப்பார்கள், அவசரம் என்றால் அப்படியே கட்டிவிடுவார்கள். டிக்கெட்டை யாரும் திருத்துவதில்லை.

அப்படியானால் அந்த லாட்டில் 6 பீஸ் குறைந்தது டெம்போவில் அல்ல, யூனிட்டிலும் அல்ல, கட்டிங் டேபிளிலேயே இருக்கலாம். தேவை வரி அப்படியே நிற்கிறது. வசதி வரியில் "கட்டு பிரிக்கிறவர்" என்பதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை இன்னும் இரண்டு கட்டிங் மாஸ்டர்கள், மாமாவுக்குத் தெரியாதவர்களாக.