புள்ளி வைத்து வெட்டிய மேற்கோள்

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு சின்ன அச்சகம். அங்கே தமிழில் வருகிற வேலையெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். காவடி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர் என்று வருஷம் ஓடும். ஜூலை வந்துவிட்டால் போர்டு வேலை. 18ஆம் தேதி மண்டேலா நாள் என்பதால் பள்ளிக்கூடம், சங்கம் என்று எல்லோரும் அவர் படமும் ஒரு மேற்கோளும் கேட்டு வருவார்கள். ஆங்கிலம் மேலே, தமிழ் கீழே. மேற்கோள் பெரும்பாலும் ஒன்றேதான். அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் வெட்டிக்கொண்டு வருவதுதான் வேடிக்கை.

ஒரு சங்கத்திலிருந்து இப்படி எழுதிக் கொடுத்தார்கள்: “வெள்ளையர் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடியிருக்கிறேன்... சாகவும் தயாராக இருக்கிறேன்.” பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. படத்துக்குப் பக்கத்தில் அளவாக உட்காரும். எங்கள் டிசைனர் பையனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “அண்ணா, அந்த மூணு புள்ளியையும் எடுத்துட்டா இன்னும் அழகா இருக்கும்” என்றான்.

மண்டேலா இதைப் பேசியது 1964 ஏப்ரல் 20ஆம் தேதி, பிரிட்டோரியா நீதிமன்றத்தில், அவர் மேலும் தோழர்கள் மேலும் நாசவேலைக் குற்றம் சாட்டி நடந்த ரிவோனியா வழக்கில். குற்றவாளிக் கூண்டில் நின்று ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சின் கடைசிப் பத்தி, முதல் வாக்கியம் போக, தமிழில் இப்படி வரும்:

“வெள்ளையர் ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடியிருக்கிறேன், கறுப்பர் ஆதிக்கத்தையும் எதிர்த்துப் போராடியிருக்கிறேன். எல்லோரும் இணக்கமாகவும் சம வாய்ப்போடும் வாழ்கிற ஜனநாயகமான, சுதந்திரமான சமுதாயம் என்ற இலட்சியத்தைப் போற்றி வந்திருக்கிறேன். அந்த இலட்சியத்துக்காக வாழ்ந்து, அது நிறைவேறுவதைப் பார்க்க வேண்டும் என்பதே என் நம்பிக்கை. ஆனால் கனம் நீதிபதி அவர்களே, தேவைப்பட்டால், அந்த இலட்சியத்துக்காகச் சாகவும் தயாராக இருக்கிறேன்.”

இதையும் போர்டு வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த மூன்று புள்ளிக்குள் என்னென்ன போயிருக்கிறது என்று தெரியும். கறுப்பர் ஆதிக்கத்தையும் எதிர்த்தேன் என்பது போய்விட்டது. எதற்காகச் சாகத் தயார் என்பதும் போய்விட்டது. இலட்சியம் நடுவில்தானே இருக்கிறது? மீதி இருக்கிற இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டு, வெள்ளையரை எதிர்த்துச் சாகத் தயார் என்று ஆகிவிடுகிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை. டர்பன் இந்தியர்களுக்கு இது சின்ன விஷயமும் இல்லை. ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த 1949 ஜனவரிக் கலவரத்தின் நினைவு இங்கே பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. எந்த இனம் எந்த இனத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாலும் எதிர்ப்பேன் என்று ஒருவர் சொன்னதில் பாதியை வெட்டிவிட்டு, அதே ஊர்க்காரர்கள் முன்னால் தொங்கவிடுவது எப்படிச் சரியாகும்?

மற்ற இரண்டு வெட்டும் இன்னும் மோசம். “வாழ்ந்து, அது நிறைவேறுவதைப் பார்க்க வேண்டும்” என்பதும் “தேவைப்பட்டால்” என்பதும் போய்விட்டால், தியாகி ஆகத் துடிக்கிற ஒரு மனிதர்தான் நமக்குக் கிடைக்கிறார். அந்த வழக்கில் அரசுத் தரப்பு தூக்குத் தண்டனை வாங்கித் தந்துவிடும் என்ற பயம் நிஜமாகவே இருந்தது. கடைசிப் பத்தியை வாசிக்க வேண்டாம் என்று வழக்கறிஞர் பிராம் ஃபிஷர் கேட்டுப் பார்த்தார், மண்டேலா விடவில்லை. சாவை நீங்களே அழைப்பது மாதிரி இருக்கக் கூடாது, “தேவைப்பட்டால்” என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவர் ஜார்ஜ் பிசோஸ் என்ற இன்னொரு வழக்கறிஞர். யோசித்து, பேசி, உயிரை மனதில் வைத்துச் சேர்த்த ஒரு நிபந்தனையை நாம் போர்டு அகலத்துக்காகத் தூக்கி எறிகிறோம். இத்தனைக்கும் அந்தப் பேச்சுக்கே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட பெயர், நிபந்தனை இல்லாத அந்தக் கடைசித் துண்டுதான். மக்கள் தலைப்பைப் படித்துவிட்டு அதையே மேற்கோள் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

புள்ளி வைப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. “கனம் நீதிபதி அவர்களே” என்ற விளியை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தால் பொருளில் ஒன்றும் கெடாது. ஆனால் “ஆனாலும்”, “மட்டும்”, “இல்லை”, “வந்தால்”, “போனால்” என்று வருகிற இடத்தில் கத்தரி பட்டால் நான் வேலையை நிறுத்திவிடுவேன். பேசுகிறவர் தன் பேச்சுக்குத் தானே எல்லை போடுகிற இடங்கள் அவை. வெட்டினதைத் திரும்ப உள்ளே வைத்து ஒரு தரம் படிப்பேன். படித்த பிறகு ஆள் வேறு ஆளாகத் தெரிந்தால் அந்த வெட்டு செல்லாது.

புள்ளியே இல்லாமலும் கெடுக்கலாம். அதே பேச்சின் ஆரம்பத்தில், நாசவேலைக்குத் திட்டமிட்டதை மறுக்கவில்லை என்று அவர் சொல்கிறார். முழு வாக்கியம், ஒரு எழுத்து குறையாமல் எடுத்துப் போடலாம். அடுத்த வாக்கியத்திலேயே, கண்மூடித்தனமாகவோ வன்முறை மேல் ஆசைப்பட்டோ அதைச் செய்யவில்லை என்று வருகிறது. அதற்கடுத்து, என் மக்கள் பல வருஷமாக அனுபவித்த கொடுமைக்குப் பிறகு நிதானமாக யோசித்து எடுத்த முடிவு என்று வருகிறது. முதல் வாக்கியத்தோடு நிறுத்தினால் அது வெறும் குற்ற ஒப்புதல். வெட்டின அடையாளம் எங்கேயும் இருக்காது. மூலத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

டிசைனர் பையன் சொன்னதுதான் வழக்கமாக நடப்பதும். முதலில் வெட்டுகிறவர் யோக்கியமாகப் புள்ளி வைக்கிறார். அடுத்தவர் அழகுக்காக அதை எடுக்கிறார். மூன்றாவது ஆள் அதையே முழு வாக்கியம் என்று நம்பித் தமிழாக்குகிறார். அதனால்தான் தேதியும் இடமும் இல்லாமல் வருகிற மேற்கோள் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு எனக்குச் சந்தேகம் வரும்.

மூலம் என்று போனாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கை நீதிமன்றத்தில் பிளாஸ்டிக் பட்டையில் ஒலிப்பதிவு செய்திருந்தார்கள். பின்னால் அந்த ஒலியை மீட்டெடுத்தார்கள். கேட்டால், அச்சில் பரவியிருக்கிற வாசகத்திலிருந்து பேச்சு கொஞ்சம் விலகுகிறது. அச்சில் “அடைய வேண்டும்” என்று இருக்கிற இடத்தில் அவர் “நிறைவேறுவதைப் பார்க்க வேண்டும்” என்கிறார். “கனம் நீதிபதி அவர்களே” என்பதும் பேச்சில்தான் இருக்கிறது. இரண்டுமே உண்மையானவைதான், ஒன்றின் பாதியையும் மற்றதன் பாதியையும் ஒட்டக் கூடாது, அவ்வளவுதான்.

சங்கத்துச் செயலாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், அப்புறம் ஒரு கேள்வி போட்டார்: “‘தேவைப்பட்டால்’ வக்கீல் சேர்த்ததுதானே தம்பி, மண்டேலா மனசுல இருந்து வந்தது இல்லையே?” நியாயமான கேள்விதான். ஆனால் 1990 பிப்ரவரி 11ஆம் தேதி விடுதலையான அன்றைக்கே, கேப் டவுனில் கூட்டத்தின் முன்னால், வழக்கில் தான் சொன்னதை மண்டேலாவே மேற்கோள் காட்டிப் பேசினார். அந்த வார்த்தைகள் அன்றைக்கு உண்மையாக இருந்ததுபோல இன்றைக்கும் உண்மை என்று முன்னுரை சொல்லிவிட்டு, மேலே உள்ள பகுதியை இலட்சியத்தோடு, வெட்டாமல் சொன்னார். கறுப்பர் ஆதிக்கமும் இருந்தது, வாழ வேண்டும் என்ற நம்பிக்கையும் இருந்தது, “தேவைப்பட்டால்” என்பதும் இருந்தது. பயமுறுத்த அன்றைக்குத் தூக்குமேடை எதுவும் இல்லை.

இடம் பற்றாது என்றார் செயலாளர். கடைசி இரண்டு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த இலட்சியம் எது என்பதை மேலே எங்கள் வார்த்தையில், மேற்கோள் குறிக்கு வெளியே ஒரு வரியில் சொன்னோம். கீழே நீதிமன்றம், தேதி. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினோம், படத்தையும் இரண்டு விரல் அளவு ஒதுக்கினோம். டிசைனர் பையனுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.