வரைவுக்கு முன் மூன்று கேள்விகள்

பேச அழைப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் சொல்வார்கள்: "அடிப்படையிலிருந்து சொல்லுங்க சார், எல்லாருக்கும் புரியணும்." நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு ஸ்லைடுகூட எழுத முடியாது. வரப்போகிறவர்களின் பதவியும் எண்ணிக்கையும் அழைத்தவருக்குத் தெரியும். அவர்கள் எதை ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள், எதைத் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பது பல நேரம் அவருக்கே தெரியாது.

மருத்துவப் புள்ளியியல் என் தொழில். பரிசோதனை முடிவுகளை எப்படிப் படிப்பது என்று மருத்துவமனைப் பணியாளர்களுக்கு அவ்வப்போது வகுப்பு எடுப்பேன். எந்தக் குழுவாக இருந்தாலும், வரைவு எழுத உட்காரும் முன் அவர்களுக்குச் சில கேள்விகள் அனுப்பிவிடுவது வழக்கம். வரைவு முடிந்த பிறகு கேட்பதில் பலன் குறைவு. ஸ்லைடுகள் தயாராகிவிட்டால், வருகிற பதில்களை அந்த ஸ்லைடுகளைக் காப்பாற்றும் விதமாகவே மனம் படிக்கும். ஒன்றும் எழுதாத நிலையில்தான் பதில்கள் நம்மை வேறு பக்கம் திருப்ப முடியும்.

வார்டு செவிலியர்களும் லேப் டெக்னீஷியன்களும் கலந்த ஒரு குழுவுக்கு, 'பாசிட்டிவ் என்று வந்தால் என்ன பொருள்' என்று பேச வேண்டியிருந்தது. ஏற்பாடு செய்தவர், "சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி எல்லாம் அவங்களுக்குச் சுத்தமா தெரியாது, அங்கிருந்தே ஆரம்பிச்சிடுங்க" என்றார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் பேச்சின் முதல் பாதி முழுக்க, நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒரு சோதனை எவ்வளவு சரியாகக் கண்டுகொள்கிறது என்ற இந்த இரண்டு அளவுகளின் வரையறைகளாகவே போகும். அதனால் மூன்று கேள்விகளை ஒரு படிவத்தில் போட்டு அனுப்பினேன். மேலே இரண்டு வரி: "இது தேர்வு அல்ல, பெயர் எழுத வேண்டாம். பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்." பதில்கள் மேலதிகாரி வழியாக வராமல் நேரே எனக்கு வரும்படி பார்த்துக்கொண்டேன். மேலதிகாரி பார்ப்பார் என்று தெரிந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுச் சரியான விடையை எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சரியான விடையால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

"இது உங்களுக்குத் தெரியுமா?" என்ற கேள்வியை நான் வைப்பதே இல்லை. தெரியும் என்று சொல்கிறவருக்குப் பெயர் மட்டும் தெரிந்திருக்கலாம். தெரியாது என்று சொல்கிறவர் அதே விஷயத்தைப் பெயர் தெரியாமலே நாள்தோறும் செய்துகொண்டிருக்கலாம். எனவே ஒவ்வொரு கேள்வியும் ஏதாவது ஒன்றைச் செய்துகாட்டச் சொல்வதாக இருக்க வேண்டும்.

முதல் கேள்வி எளிது. ஒரு சோதனையின் சென்சிட்டிவிட்டி 90 சதவீதம் என்றால் என்ன பொருள் என்று கேட்டு, நான்கு வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். இரண்டாவது, உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் புழங்கும் ஒரு கணக்கு: 100 பேரில் ஒருவருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினரை ஒரு சோதனை சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களில் 9 சதவீதத்தினருக்கும் தவறாக பாசிட்டிவ் காட்டும். ஒருவருக்கு பாசிட்டிவ் வந்திருக்கிறது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 90, 81, 10, 1 என நான்கு விடைகள். இந்தக் கணக்கை கெர்ட் கிகெரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 160 மகளிர் நோய் மருத்துவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். 2007இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சிக்கு முன் சரியான விடையான 10 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் 21 சதவீதம்தான். ஆகவே இதில் தடுமாறுவது படிப்புக் குறைவால் வருவதல்ல என்பது எனக்கு முன்பே தெரியும்.

மூன்றாவது கேள்விக்கு விடைகள் கொடுக்கவில்லை, எழுதத்தான் இடம் விட்டிருந்தேன்: "உங்கள் வேலையில் ஒரு பாசிட்டிவ் வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? ஏன்?"

பதில்கள் வந்தன. முதல் கேள்விக்கு, 'நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினருக்கு பாசிட்டிவ் வரும்' என்ற சரியான வாக்கியத்தைப் பெரும்பாலானோர் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு அதே ஆட்களில் பெரும்பாலானோர் 90 சதவீதம் என்று போட்டிருந்தார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும். வரையறை தெரியாது என்ற ஏற்பாட்டாளரின் கணிப்பு சரியில்லை. வரையறை தெரிந்திருக்கிறது, ஆனால் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு பாசிட்டிவ் வரும் என்பது ஒரு கேள்வி. பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருக்கும் என்பது வேறு கேள்வி. முதலாவதன் விடையை எடுத்து இரண்டாவதற்குக் கொடுத்திருக்கிறார்கள். இவர்கள் முன்னால் நின்று வரையறையை மறுபடி விளக்கினால் தலையாட்டிக் கேட்பார்கள், ஏற்கெனவே தெரிந்ததுதானே. குழப்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். தவறான விடைகளை யோசித்து வைப்பது இதற்காகத்தான். 90ஐப் போட்டவரும் 1ஐப் போட்டவரும் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள். வெறுமனே சரி, தவறு என்று எண்ணினால் அந்த வேறுபாடு கைக்கு வராது.

ஆனால் பேச்சின் தொடக்கத்தை எனக்குத் தந்தது மூன்றாவது கேள்விதான். லேப் டெக்னீஷியன்கள் பலரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: ஒரு கிட்டில் பாசிட்டிவ் வந்தால், வேறு கிட்டில் மறுபடி போட்டுப் பார்ப்போம். 'ஏன்' என்பதற்கு நேரே பெரும்பாலும் வெற்றிடம். அவர்களில் ஒருவரிடம் தொலைபேசியில் பேசினேன்.

"பாசிட்டிவ் வந்த உடனே ரிப்போர்ட் போட மாட்டோம் சார். எச்.ஐ.வி.ன்னா கண்டிப்பா வேற கிட்ல போடணும்."

"அதே கிட்ல இன்னொரு தடவை போட்டா போதாதா?"

"கூடாது சார். வேற கம்பெனி கிட்தான்."

"ஏம்மா அப்படி?"

சற்று யோசித்துவிட்டு, "எஸ்.ஓ.பி.ல, அதான் லேப் நடைமுறை விதியில, அப்படித்தான் இருக்கு சார்" என்றார்.

அவர் சொன்னதில் முழு வகுப்புக்கான சரக்கும் இருந்தது. முதல் பாசிட்டிவை நம்பி முடிவு கட்டக் கூடாது என்பது அவர் கைக்குத் தெரியும். அதன் கணக்கு மட்டும்தான் அவரிடம் இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் 'பாசிட்டிவ் எல்லாம் உண்மையில் பாசிட்டிவ் அல்ல' என்று புதுச் செய்தி போலத் தொடங்குவது அவர்கள் அனுபவத்தைக் குறைத்து மதிப்பதாகும். அனுபவம் உள்ள டெக்னீஷியன்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே, இது நமக்கானது இல்லை என்று முடிவுசெய்துவிடுவார்கள். பிறகு உண்மையிலேயே புதிய விஷயம் வரும்போது அவர்கள் கவனம் அங்கே இருக்காது.

எனவே வரைவின் முதல் வரி அவர்கள் வேலையையே கேள்வியாக்கியது: "இரண்டாவது கிட் எதற்கு?" அங்கிருந்து நேரே 1000 பேர். சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களாக எண்ணினோம். 1000 பேரில் 10 பேருக்கு நோய். அவர்களில் 9 பேருக்கு பாசிட்டிவ். நோய் இல்லாத 990 பேரில் 9 சதவீதம் என்றால் 89 பேருக்கு பாசிட்டிவ். மொத்தம் 98 பாசிட்டிவ். அதில் உண்மையான நோயாளிகள் 9 பேர். பத்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு.

இப்போது இந்த 98 பேரை மட்டும், இதே திறனுள்ள வேறு ஒரு கிட்டில் சோதிக்கிறோம். 9 பேரில் 8 பேருக்கு மறுபடி பாசிட்டிவ். 89 பேரில் 9 சதவீதம் என்பதால் 8 பேருக்குத் தவறான பாசிட்டிவ். பாதிக்குப் பாதி. மூன்றாவது கிட்டையும் போட்டால் உண்மையானவர்கள் 7, தவறாக வந்தவர் 1. ஏறத்தாழ 90 சதவீதம். படிவத்தில் அவர்கள் எழுதிய அந்த 90 மூன்றாவது சோதனைக்குப் பிறகுதான் வருகிறது என்பதைக் கரும்பலகையில் அவர்களே எண்ணிக் கண்டுபிடித்தார்கள்.

வேறு கம்பெனி கிட் ஏன் என்பதும் இங்கேயே விளங்கிவிடுகிறது. ஒருவர் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒரு எதிர்ப்பொருள் ஒரு கிட்டை ஏமாற்றினால், அதே கிட்டை எத்தனை முறை போட்டாலும் ஏமாற்றும். இரண்டாவது சுற்றில் 89 என்பது 8ஆகக் குறைய வேண்டுமானால் இரண்டு கிட்களும் தவறுவதற்கு வேறு வேறு காரணம் இருக்க வேண்டும். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்ணிக்கை என்பதையும், நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. கிட்கள் இதைவிட மிகத் துல்லியமானவை என்பதையும் சொல்லத் தவறவில்லை. வழியில் கழன்றுபோன உண்மை நோயாளிகளைப் பற்றி ஒரு செவிலியர் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு கிட்கள் வேறு வேறு முடிவு காட்டினால் நெகட்டிவ் என்று எழுதிவிடாமல், மறுபடி வரச்சொல்லிப் பார்ப்பது அதனால்தான் என்று டெக்னீஷியன்களே அவருக்குப் பதில் சொன்னார்கள்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. படிவத்தை நிரப்பி அனுப்புகிறவர்கள் பொதுவாக ஆர்வமும் நம்பிக்கையும் உள்ளவர்கள். பதில் அனுப்பாதவர்கள்தான் பெரும்பாலும் பின்வரிசையில் இருப்பார்கள். அதனால் இரவுப் பணியில் இருப்பவர் ஒருவரிடமாவது, புதிதாகச் சேர்ந்தவர் ஒருவரிடமாவது நேரில் பேசிவிடுவேன். அறையில் பேச்சைத் தொடங்கியதும் இரண்டாவது கேள்வியை மறுபடி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் விடை காட்டச் சொல்வதும் உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் வகுத்த நடைமுறை இங்கே உதவும்: சரியான விடை 30 சதவீதத்துக்கும் குறைவாக வந்தால் விளக்க வேண்டும், 70ஐத் தாண்டினால் மேலே போகலாம், இடையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிட வேண்டும். படிவம் சொன்னதும் அறை காட்டுவதும் ஒத்துப்போகவில்லை என்றால், அறையைத்தான் நம்புவேன்.

அதே மூன்று கேள்விகளைப் பிறகு கள சுகாதாரப் பணியாளர்கள் குழு ஒன்றுக்கு அனுப்பினேன். முதல் கேள்விக்கே பதில்கள் சிதறிக் கிடந்தன. மூன்றாவது கேள்விக்கான பதில்களில் கிட் என்ற பேச்சே வரவில்லை. அவர்கள் யாரும் சோதனை செய்வதில்லை. "முடிவைச் சொல்லும்போது அவங்க முதல்ல கேக்கறது, இது உறுதிதானான்னு. என்ன சொல்றதுன்னு தெரியாம டாக்டரைப் பாருங்கன்னு சொல்லிடுவேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வகுப்பில் சென்சிட்டிவிட்டி என்ற சொல் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வந்தது. தொடங்கியது, "இது உறுதிதானா?" என்ற அந்தக் கேள்விக்கு உண்மையாகவும் பயமுறுத்தாமலும் என்ன பதில் சொல்லலாம் என்பதிலிருந்து.