மூவரில் ஒருவர்

முதலீட்டாளர்களுக்குக் காட்டும் பிட்ச் டெக்கின் டீம் பக்கத்தில் ஒரு நிறுவனருக்கு மூன்று வரிக்கு மேல் இடம் கிடைக்காது. திருப்பூர் தம்பி ஒருவருக்கு அந்த மூன்று வரியை எழுதிக் கொடுத்தது இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அவர் சாயப்பட்டறை லேபில் பத்து வருடம் இருந்தவர். சாய ரெசிப்பியைக் கணிக்கும் மென்பொருள் செய்கிறார். முதலில் எழுதி வந்தது, 'ஜவுளித் துறையில் பத்தாண்டுக்கும் மேலான அனுபவம், புதுமையில் தீராத ஆர்வம்'. அதை யார் பெயருக்குக் கீழேயும் போடலாம். பட்டறையில் என்ன மாறியது என்று கேட்டேன். அப்புறம்தான் விஷயம் வந்தது. ஷேடு சேராமல் நூற்றுக்குப் பன்னிரண்டு பேட்ச் மறுசாயத்துக்குப் போய்க்கொண்டிருந்ததாம். அதை ஐந்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மறுசாயம் என்றால் சாயம், தண்ணீர், நீராவி எல்லாம் இரண்டாவது முறை. கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடக் கூடாத ஊரில் சுத்திகரிப்புச் செலவும் கூடவே ஏறும். முதலீட்டாளருக்கு இந்த ஒரு வரி போதும்.

'இவர் தலைமையில்' என்று சேர்த்தேன். அவர் உடனே, "இல்லைங்ண்ணா, லேப்ல நாங்க மூணு பேருங்க. நான் மட்டும் பண்ணுனதில்லை" என்றார்.

ரெசிப்பிகளைப் பதிந்து ஒப்பிடும் முறை அவர் யோசனைதான், அதனால் 'தலைமை' பொய்யில்லை என்று வாதாடினேன். ஆனால் அவர் பதவி லேப் அசிஸ்டென்ட். லிங்க்ட்இன்னிலும் அப்படித்தான் இருந்தது. முதலீட்டாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், பழைய முதலாளிக்குப் போன் போடுவார்கள். அங்கே ஒரு சொல் பிசகினாலும் மற்ற எண்கள்மீதும் சந்தேகம் விழும். கடைசியில் இப்படி எழுதினோம்:

'திருப்பூர் சாயப்பட்டறை லேபில் 10 ஆண்டுகள். மறுசாயத்தை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்த மூவரில் ஒருவர். அதற்காக இவர் வகுத்த ரெசிப்பி ஒப்பீட்டு முறையே இந்த மென்பொருளின் அடிப்படை.'

நல்ல வரிகள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சந்திப்பில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வந்தது: "மற்ற இரண்டு பேர் ஏன் உங்களோடு இல்லை?"

ஒருவர் வெளிநாடு போய்விட்டார், இன்னொருவர் அதே பட்டறையில் இருக்கிறார் என்று தம்பி உள்ளதைச் சொன்னார். முதலீட்டாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அடுத்த கட்டத்துக்கு முன் பட்டறையில் இருப்பவரிடம் பேச வேண்டும் என்றார்கள். கேட்கக் கூடாத கேள்வி இல்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் கேட்பேன். 'தலைமையில்' என்றே விட்டிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காதோ என்று ஒரு சமயம் தோன்றுகிறது. போன் போட்டால் எப்படியும் தெரிந்திருக்கும் என்று உடனே தோன்றுகிறது.

பட்டறையில் இருப்பவருக்கு இரண்டு பிள்ளைகள். முதலாளிக்குத் தெரியாமல் அவர் பேச வேண்டும். அவரிடம் கேட்பதா வேண்டாமா என்று தம்பி என்னைக் கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.