ஆத்தங்குடிக் கல்லும் ஆறு கேள்வியும்

எட்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்குக் காதால் கேட்டு விடையெழுதும் பகுதியைத் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளாச்சே, தெரிந்த விஷயமாக இருக்கட்டும் என்று, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் முறையை ஒரு பத்தியாக எழுதினேன். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட் ஊற்றுவது, பிறகு தண்ணீரில் ஊறப் போடுவது, எல்லாம் வந்துவிட்டது. ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று விடை.

ஆடியோ பதிவதற்கு முன்னால் ஒரு சந்தேகம். தேர்வெழுதப் போகாத வேறு பள்ளிப் பிள்ளைகள் சிலரிடம், எதையும் வாசித்துக் காட்டாமல், கேள்வித்தாளை மட்டும் கொடுத்தேன். கண்ணை மூடிக் குறித்தாலே ஆறில் இரண்டு சரியாக வரும். பெரும்பாலோர் நான்கு எடுத்தார்கள். "கல்லுக்குப் பளபளப்பு எதனால்?" என்ற கேள்வியில் ஒருத்தி சிரித்தாள்: "கண்ணாடிதான் டீச்சர். எங்க அப்பத்தா வீட்டுத் தரையே அதுதானே, இதைக் கேட்டுத்தான் எழுதணுமா?"

அந்தக் கேள்விகள் காதைச் சோதிக்கவில்லை, ஊரைச் சோதித்தன. பத்தியைக் கிழித்துப் போட்டேன்.

கல் அப்படியே இருக்கட்டும், பேச்சை மாற்றினேன். வீடு கட்டும் ஓர் அம்மா கல் பட்டறைக்காரரிடம் போனில் பேசுகிறார். ஒரு கேள்வி: அம்மா கல்லை என்றைக்கு எடுப்பார்? விடைகள் திங்கள், புதன், வெள்ளி. திங்களன்று கல் காய்ந்திருக்காது என்கிறார் அவர். புதன் தயார். அன்றைக்கு ஒரு கல்யாணம் என்கிறார் அம்மா. கடைசியில் வெள்ளி. மூன்று நாளும் காதில் விழுவதால், ஒரு நாளின் பெயர் கேட்டதுமே குறிக்கிற பிள்ளை தவறிவிடும். இன்னொரு கேள்வி: ஒரு கல்லை ஏன் வேண்டாம் என்றார்? பேச்சில் 'பாட்டிக்கு வழுக்கும்' என்று வரும். விடையில் 'பாதுகாப்பில்லை' என்று போட்டேன். அதே சொல்லை வைத்தால் அர்த்தம் புரியாதவரும் குறித்துவிடுவார்.

முதல் பதிவை எங்கள் வீட்டு வளவில் எடுத்தேன். எதிரொலி தாங்கவில்லை. சாமான் அறையில் மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து மறுபடி எடுத்தோம். பட்டறைக்காரர் குரல் சக ஆசிரியர் ஒருவருடையது. ஆண் குரலும் பெண் குரலுமாக இருந்தால் யார் பேசுவதென்று குழப்பம் வராது.

அதை வகுப்பில் போட்டுப் பார்த்தபோது இரண்டு ஓட்டை தெரிந்தது. விலையும் எண்ணிக்கையும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. ஒன்றைக் குறித்து நிமிர்வதற்குள் அடுத்தது போய்விட்டது. இடையில் 'நல்ல விலைதான், யோசிக்கிறேன்' என்று வெட்டிப் பேச்சு இரண்டு வரி சேர்த்தேன். இன்னொன்று, ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று கடைசி பெஞ்சில் யாருக்கும் புரியவில்லை. மின்விசிறிச் சத்தம் வேறு. அது காதின் குற்றமில்லை, ஸ்பீக்கரின் குற்றம். ட்வென்டி என்று மாற்றிவிட்டேன்.

புதிய தாளையும் ஆடியோ இல்லாமல் கொடுத்துப் பார்த்தேன். பெரும்பாலோருக்கு இரண்டு. அந்த அப்பத்தா வீட்டுப் பெண்ணுக்கு ஒன்று.