‘கிதம்பரம் சோயில்’: நாப்பிறழ்வுக் கேள்விக்கு விடை எழுதும்போது

பேசும் வாக்கியம் மனத்தில் ஒரே மூச்சில் உருவாவதில்லை, படிப்படியாக உருவாகிறது. சொல்ல வந்தது வாயில் மாறி வந்துவிடும் நாப்பிறழ்வுகள் இதற்கு எப்படிச் சான்றாகின்றன? உளமொழியியல் தாளில் இது அடிக்கடி வரும் கேள்வி. சிதம்பரத்திலோ புதுச்சேரியிலோ மொழியியல் படிப்பவர்களும், நெட் தேர்வுக்கு மொழியியல் (பாட எண் 31) எடுத்தவர்களும் இதை ஒருமுறையாவது எழுதிப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலான விடைகள் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. பிறழ்வு வகைகளுக்கு ஒரு பட்டியல், அதன் கீழே நிலைகளுக்கு ஒரு பட்டியல் என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் பிறழ்விலிருந்து இந்த நிலை எப்படித் தெரிகிறது என்ற கண்ணி விட்டுப்போகிறது. மதிப்பெண் அந்தக் கண்ணிக்குத்தான்.

கண்ணியைக் காட்ட ஒரு எடுத்துக்காட்டை முழுசாகப் பிரித்தாலே போதும். பாடநூல்களில் திரும்பத் திரும்ப வருவது இது: ஒருவர் ‘எ மேனியாக் ஃபார் வீக்கெண்ட்ஸ்’ என்று சொல்ல வந்து, ‘எ வீக்கெண்ட் ஃபார் மேனியாக்ஸ்’ என்று சொல்லிவிட்டார். இரண்டு பெயர்ச்சொற்களும் இடம் மாறிவிட்டன. பன்மை விகுதி மட்டும் தன் இடத்தை விட்டு நகரவில்லை. ‘வீக்கெண்ட்’ முன்னால் போனபோது விகுதியைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, அது கடைசியிலேயே நின்று, புதிதாக வந்த சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

அத்தோடு முடியவில்லை. ‘வீக்கெண்ட்’ என்ற சொல்லின் பின்னால் ஆங்கிலப் பன்மை விகுதி குரலோடு, ‘ஸ்ஸ்’ என்பதைவிட வண்டு இரைவதுபோல ஒலிக்கும். ‘மேனியாக்’ க் என்று முடிவதால் அதன் பின்னால் குரலற்ற ‘ஸ்’ வரவேண்டும். தவறிச் சொன்னவர் வாயில் குரலற்ற ‘ஸ்’தான் வந்தது. விகுதியின் இடம் பழையது, அதன் ஒலி மட்டும் புதிய சொல்லுக்கு ஏற்றது.

இந்த இரண்டும் சேர்ந்து ஒரு வரிசையைச் சொல்கின்றன. விகுதி இருந்த இடத்திலேயே தங்கியதால், ‘இந்த இடத்தில் பன்மை’ என்பது சொல் வந்து உட்காருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. விகுதி புதிய சொல்லுக்கு ஏற்ப ஒலித்ததால், அதன் ஒலிவடிவம் சொல் உட்கார்ந்த பிறகுதான் முடிவானது. முதலில் சட்டகம், பிறகு அதில் சொல், கடைசியில் ஒலி. பிறழ்வு நடந்தது நடுப்படியில். அதற்கு முந்திய படியும் பிந்திய படியும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தன. விக்டோரியா ஃப்ராம்கின் 1971இல் எழுதிய கட்டுரையின் அடிநாதமும் இதுதான்: பேச்சு பிறழும்போதும் இலக்கணம் பிறழ்வதில்லை. மெரில் கேரட் 1975இல் இந்தப் படிகளுக்குப் பெயர் வைத்தார். என்ன சொல்ல வேண்டும் என்பது செய்தி நிலை. எந்தச் சொல், அதற்கு வாக்கியத்தில் என்ன வேலை என்பது செயல்நிலை. சொற்களும் விகுதிகளும் வரிசையாக அமர்வது இடநிலை. அதன் பிறகே ஒலி நுணுக்கங்கள்.

இதையே தமிழில் காட்டினால் விடை கனம் பெறும். நம் இலக்கணத்தில் இதற்கான கருவிகள் தயாராக இருக்கின்றன. பண்ருட்டிச் சந்தையில் ஒருவர் ‘பழம் வண்டியில இருக்கு’ என்று சொல்ல வந்து ‘வண்டி பழத்துல இருக்கு’ என்று சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். (விளக்கத்துக்காக நீங்களே அமைத்த வாக்கியம் என்றால் விடைத்தாளிலும் அப்படியே குறிப்பிடுங்கள். கேட்டுப் பதிந்த தரவு என்று எழுதக்கூடாது.) இடப்பொருள் உருபு இரண்டாவது இடத்திலேயே தங்கிவிட்டது. ‘பழம்’ அந்த இடத்துக்கு வந்ததும் அத்துச் சாரியை பெற்று ‘பழத்துல’ ஆகிறது. ‘வண்டி’ எழுவாய் இடத்துக்குப் போனதும் யகர உடம்படுமெய்யை உதிர்த்துவிடுகிறது. ஒலிவடிவம் முடிந்த பிறகு சொற்கள் இடம் மாறியிருந்தால் ‘வண்டி பழம்ல இருக்கு’ என்றுதான் வந்திருக்கும், மகர மெய் அப்படியே நின்றிருக்கும். ‘பழத்துல’ என்று வருவதே, சாரியை போடும் படி இடமாற்றத்துக்குப் பின்னால் நடந்தது என்பதைக் காட்டுகிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நன்றாகப் படித்தவர்களும் இதைத் தவறவிடுகிறார்கள். ‘பழத்துல’ பிறந்ததற்கு இரண்டு வழிகள் உண்டு. செயல்நிலையிலேயே பழத்துக்கும் வண்டிக்கும் வேலை மாறிப்போயிருக்கலாம், அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். அல்லது வேலைகள் சரியாகவே இருந்து, இடநிலையில் சட்டகத்தின் குழிகளுக்குள் பகுதிகள் மட்டும் மாறி விழுந்திருக்கலாம். இரண்டும் பெயர்ச்சொற்கள் என்பதால் இந்த ஒரு பிறழ்வை வைத்து எது என்று தீர்க்க முடியாது. தமிழில் பெயர்கள் அநேகமாக வேற்றுமை உருபோடுதான் வாக்கியத்துக்குள் வருகின்றன. அதனால் இந்தக் குழப்பம் நமக்கு ஆங்கிலத்தைவிட அதிகம்.

இடநிலையைத் தனியாகக் காட்ட வேண்டுமானால் பெயரும் வினையும் மாறும் பிறழ்வு வேண்டும். ‘த ட்ரக் வாஸ் பார்க்ட்’ என்று சொல்ல வந்து ‘த பார்க் வாஸ் ட்ரக்ட்’ என்று வந்ததைக் கேரட் எடுத்துக்காட்டுகிறார். லாரியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லுக்கு வினை விகுதி ஒட்டிக்கொண்டது. தமிழில் ‘ஓடுற மாடு’ ‘மாடுற ஓடு’ ஆவது இதே அச்சு. ‘மாடுற’ என்ற வடிவம் யார் மனத்திலும் தயாராக இருக்க முடியாது. ஒரு பெயர் பெயரெச்சத்தின் வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும் சொல்ல முடியாது. விகுதியோடு காத்திருந்த குழிக்குள் தவறான பகுதி விழுந்தது என்பதே மிச்சமுள்ள விளக்கம்.

கேரட்டின் வாதத்துக்கு வலுச் சேர்ப்பது தூரமும் சொல்வகையும். முழுச்சொற்கள் இடம் மாறும்போது பெரும்பாலும் பெயருக்குப் பெயர், வினைக்கு வினை என்று மாறுகின்றன. ஒரு தொடரிலிருந்து இன்னொரு தொடருக்கும் தாவுகின்றன. ஒலிகள் மாறும்போது அப்படியல்ல. பக்கத்துப் பக்கத்துச் சொற்களுக்குள், பெரும்பாலும் ஒரே தொடருக்குள் மாறுகின்றன. எது பெயர், எது வினை என்று பார்ப்பதுமில்லை. ஒரே படியில் நடக்கும் பிழைகளுக்கு இப்படி இரண்டு விதமான விதிகள் இருக்கக் காரணமில்லை. சொற்கள் மாறும் படிக்கு வாக்கியம் முழுவதும், இலக்கண வேலைகளும் தெரிகின்றன. ஒலிகள் மாறும் படிக்குக் கைக்கெட்டும் தூரம் மட்டுமே தெரிகிறது.

ஒலிப் பிறழ்வுக்கு எடுத்துக்காட்டு தேர்வதில் கவனம் வேண்டும். ‘கடலூர் பஸ்’ என்பது ‘படலூர் கஸ்’ ஆனது என்று எழுதினால் பார்க்க அழகாக இருக்கும், வாதத்துக்கு உதவாது. இரண்டு சொல்லிலும் முதல் உயிர் அகரம். மெய் மட்டும் மாறியதா, உயிர்மெய் முழுவதும் மாறியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இதற்கு மேல் தமிழ் எழுத்து இன்னொரு தகவலையும் மறைத்துவிடுகிறது: ‘பஸ்’ஸில் இருப்பது குரலுடைய பகரம். ‘படலூர்’ என்று சொன்னபோது அதே குரலொலி வந்ததா, ‘படம்’ என்பதில் வரும் பகரம் வந்ததா என்பது எழுத்தில் தெரியாது. தரவு பதியும்போது அந்த இடத்தை ஐ.பி.ஏ. குறியால் எழுதுங்கள், [b] என்றோ [p] என்றோ.

‘சிதம்பரம் கோயில்’ என்பது ‘கிதம்பரம் சோயில்’ ஆவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உயிர்கள் வேறு வேறு. எழுத்து முழுவதாக மாறியிருந்தால் ‘கோதம்பரம் சியில்’ என்று வந்திருக்கும். அப்படியில்லாமல் இகரமும் ஓகாரமும் தத்தம் இடத்தில் நிற்க, சகரமும் ககரமும் மட்டும் மாறின. எழுதும்போது ‘சி’ ஒற்றை எழுத்துதான். பேச்சைத் திட்டமிடும் மனத்தில் அது மெய்யும் உயிருமாகப் பிரிந்தே இருக்கிறது. சொல்முதல் மெய் சொல்முதல் மெய்யோடுதான் மாறியது என்பதையும் ஒரு வரி சேருங்கள். ஒலிப் பிறழ்வுகளில் பொதுவாக அசையின் தொடக்கம் தொடக்கத்தோடும், முடிவு முடிவோடும் மாறுகின்றன. ஒலிகளுக்கும் இடக்குறியோடு ஒரு சட்டகம் இருக்கிறது என்பதற்கு அது சான்று.

ஆய்வேட்டுக்காகச் சொந்தமாகத் தரவு சேர்ப்பவர்கள் ஒவ்வொரு பிறழ்வுக்கும் நான்கு விவரங்களை அந்த நிமிடமே எழுதிவிடவேண்டும்: சொன்னது, சொல்ல நினைத்தது, முன்பின் வாக்கியம், பேசியவர் தாமே திருத்தினாரா என்பது. சொல்ல நினைத்ததை நீங்கள் ஊகிக்காமல் அவரிடமே கேட்டு எழுதுங்கள். ‘மருதை’ என்பதை மதுரையின் பிறழ்வாகப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அது பிறழ்வல்ல, பலர் வழக்கமாகச் சொல்லும் வடிவம். சொன்னவரிடம் திரும்பக் கேட்டால் மறுபடியும் ‘மருதை’ என்றே சொல்வார், பிறழ்ந்தவர் உடனே திருத்துவார். இன்னொன்று, ‘கிதம்… சிதம்பரம் கோயில்’ என்று பாதியில் நிறுத்தித் திருத்தியது. பின்னால் வரவேண்டிய ககரம் முந்திக்கொண்டது மட்டுமா, நிறுத்தாவிட்டால் ‘சோயில்’ என்று இடமாற்றமாக முடிந்திருக்குமா என்று தெரியாது. இவற்றை இடமாற்றக் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கை கெட்டுப்போகும். ‘முடிவுறாதவை’ என்று தனியாக வையுங்கள்.

காதில் விழாமலே போகும் பிறழ்வுகளும் உண்டு. கேட்பவர் பொருளைப் பின்தொடர்வதால் சிறிய ஒலித்தவறுகளை மனம் தானே திருத்திக் கேட்டுவிடுகிறது. சொல் மாறினால் பளிச்சென்று தெரியும், ஒரு மெய்யின் குரல் மாறினால் தெரியாது. ஆகவே காதால் சேர்த்த தொகுப்பில் எந்த வகை அதிகம் என்ற விகிதத்தை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சேர்த்த தரவே எண்ணிக்கைக்கு ஏற்றது. தமிழில் இன்னொரு குருட்டுப்புள்ளியும் இருக்கிறது. உருபோடு சேர்ந்த முழுச்சொல் இடம் மாறினால் ‘வண்டியில பழம் இருக்கு’ என்று வரும். அது தமிழில் சரியான வாக்கியம்! பிறழ்வே நடந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. ஆகவே ‘தமிழில் உருபு எப்போதும் தங்கிவிடும்’ என்று எழுதாதீர்கள். தங்கிய பிறழ்வுகள்தான் நம் கண்ணில் படுகின்றன.

கடைசிப் பத்தியில் படிகள் எவ்வளவு கறாராகப் பிரிந்திருக்கின்றன என்ற விவாதத்தைத் தொடுங்கள். பார்ஸ், மோட்லி, மெக்கே மூவரும் 1975இல் ஆய்வகத்தில் ஒலி இடமாற்றங்களை வரவழைத்துப் பார்த்தார்கள். மாறி விழும் ஒலிகள் உண்மையான சொற்களாக அமையும்போது பிறழ்வு அதிகமாக நடந்தது. ஒலிப்படிக்குச் சொல் எது, சொல் அல்லாதது எது என்று தெரியாது என்றால் இந்தச் சாய்வு வரக்கூடாது. கேரி டெல் 1986இல் தந்த மாதிரியில் ஒலிகளிலிருந்து சொற்களுக்கு விசை திரும்பிப் பாய்கிறது, அதனால் உண்மைச் சொல்லின் பக்கம் தராசு சாய்கிறது. லெவெல்ட் தரப்பு இதை ஏற்கவில்லை. வாயிலிருந்து வெளிவருமுன் பேச்சைச் சரிபார்க்கும் கண்காணிப்பு ஒன்று உண்டு, சொல்லாக இல்லாததை அது பிடித்து நிறுத்துகிறது, சொல்லாக இருப்பது நழுவி வெளியே வந்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். இரண்டு தரப்பும் சொல்லுக்கு ஒரு படி, ஒலிக்கு ஒரு படி என்பதை ஏற்கின்றன. கீழ்ப்படி மேல்படிக்குத் திரும்பப் பேசுமா என்பதில்தான் சண்டை. ‘டெல் படிநிலைகளை மறுத்தார்’ என்று எழுதுவது இந்தக் கேள்வியில் வழக்கமாக நடக்கும் தவறு. அவர் மாதிரியிலும் சட்டகம் உண்டு, அதன் குழிகளும் உண்டு, ‘பழத்துல’ என்ற வடிவத்துக்கு அங்கேயும் அதே விளக்கம்தான்.