ஒரே வட்டி, இரண்டு நாடுகள்

2003 ஜூன் முதல் 2005 டிசம்பர் வரை யூரோ நாடுகள் எல்லாவற்றுக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி வைத்த ஒரே வட்டி 2%. பொருளாதாரம் படுத்துக் கிடந்த ஜெர்மனிக்கு அதுவே அதிகம். ஸ்பெயினில் பணவீக்கம் 3 சதவீதத்துக்கு மேல், அதாவது கடன் வாங்கியவனுக்கு, விலையேற்றத்தைக் கழித்தால், உண்மையான வட்டி பூஜ்ஜியத்துக்கும் கீழே. எல்லோரும் வீடு கட்டினார்கள். பட்ஜெட்டில் உபரி வைத்திருந்த ஸ்பெயின் அரசை ஊதாரி என்று பிறகு திட்டியது எனக்கு ஒப்பாத வாதம்.

2008இல் ஸ்பெயினின் வீட்டுச் சந்தை சரிந்தது. 1992-93இல் தன் பழைய நாணயமான பெசெட்டாவின் மதிப்பை மூன்று முறை குறைத்து ஏற்றுமதியைத் தூக்கிவிட்ட நாடு அது. யூரோவில் அந்த வழி இல்லை. மிச்சம் இருந்தது கூலியைக் குறைப்பது. கூலி லேசில் இறங்காது, அதற்குள் வேலை போய்விடும். கூலி இறங்கினாலும் வீட்டுக் கடன் தவணை அப்படியே நிற்கும். 2013இல் வேலையின்மை 26 சதவீதத்தைத் தொட்டது.

பொது நாணயம் தாங்க, ஆட்கள் வேலை தேடி எளிதில் இடம்பெயர வேண்டும் என்றார் பொருளாதார அறிஞர் ராபர்ட் மண்டல், 1961இல். அடிபட்ட பகுதிக்குப் போய்ச்சேரும் பொது வரிப்பணமும் வேண்டும் என்று மற்றவர்கள் சேர்த்தார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் வீட்டுச் சந்தை சரிந்தபோது ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் வாஷிங்டனிலிருந்து வந்துகொண்டே இருந்தன. ஸ்பெயினுக்கு 2012இல் கிடைத்தது வங்கிகளைத் தூக்கி நிறுத்தக் கடன்.